கடனுக்கு வாங்கிய உப்பு

என் உம்மாவின் வாப்பா ஓதிவந்த குர்ஆன் பிரதிக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பெருமானாரின் பெயரில் தொடங்கி, ஒருவருக்குப்பின் ஒருவராகப் பல பெயர்கள் கீழிறங்கி, கடைசியில் அவருக்கு பைஅத் கொடுத்துச் சீடராக ஏற்ற ஷெய்கின் பெயரில் அந்தத் தாள் முடியும். அதை ஸில்ஸிலா என்பார்கள். சங்கிலி என்று பொருள். சிறுவயதில் நான் அதை ஒரு வம்சாவளி என்றே எண்ணியிருந்தேன். அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு பெயர்களுக்கிடையே இரத்த உறவு இருக்க வேண்டியதில்லை என்பதும், ஒரு மனிதர் இன்னொருவரின் கையைப் பிடித்துக் கொடுத்த வாக்குதான் அவ்விருவரையும் இணைக்கிறது என்பதும் பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வாக்கு நடைமுறையில் என்னவாக இருந்தது என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. தரீக்காக்கள் என்னும் சூஃபி வழிகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கராமத்துகள் என்னும் அற்புதங்களையும் கந்தூரி விழாக்களையும் பேசுகிறோம். அல்லது ஞானத்தின் படிநிலைகளைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு ஷெய்கின் வீட்டில் யார் சமைத்தார், அரிசியும் விறகும் எங்கிருந்து வந்தன, புதிதாக வந்தவர் எங்கே படுத்தார், எந்தத் தவறுக்கு வெளியேற்றப்பட்டார் என்பனவற்றை நாம் கேட்பதில்லை. குருவுக்கும் சீடருக்கும் இடையிலான பிணைப்பு இத்தகைய சிறிய ஏற்பாடுகளாலேயே கட்டப்பட்டது என்பது என் எண்ணம். அதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, 13-ஆம் நூற்றாண்டில் பஞ்சாபின் அஜோதன் என்னும் சிற்றூரில் பாபா பரீத் நடத்திய இல்லமும், அவருடைய சீடர் நிஜாமுத்தீன் அவ்லியா தில்லிக்கு அருகே கியாஸ்பூரில் நடத்திய இல்லமும் ஆகும். இருவரும் சிஷ்தி தரீக்காவைச் சேர்ந்தவர்கள். அஜோதன் இன்று பாக்பத்தன் என்ற பெயரில் பாகிஸ்தானில் இருக்கிறது.

இவ்வளவு நுட்பமான செய்திகள் நமக்குக் கிடைத்ததற்கு ஒரு கவிஞர் காரணம். அமீர் ஹஸன் ஸிஜ்ஸீ தில்லி அரசவையோடு தொடர்புடையவர். அமீர் குஸ்ருவின் நண்பர். 1308 ஜனவரியில் தொடங்கி 1322 வரை, தாம் நிஜாமுத்தீனின் சபையில் இருந்த நாட்களில் கேட்டவற்றைத் தேதியிட்டு எழுதிவைத்தார். ‘ஃபவாயிதுல் ஃபுவாத்’ என்ற அந்த நூலில் 188 அமர்வுகள் பதிவாகியுள்ளன. சில காலம் யாருக்கும் சொல்லாமல் எழுதிவந்தவர், பிறகு ஷெய்கிடம் அதைத் தெரிவித்தார். ஷெய்கு கோபிக்கவில்லை. ஏடுகளை வாங்கிப் படித்தார்; நினைவில் நிற்காததால் ஹஸன் வெற்றிடமாக விட்டிருந்த இடங்களைத் தாமே நிரப்பிக் கொடுத்தார். தம் இளமையில் தம் குருவின் சொற்களைத் தாமும் அவ்வாறே எழுதிவைக்க முயன்றதையும் சொன்னார். இதற்குப் பின் ஒரு தலைமுறை கழித்து, அந்த வீட்டோடு நெருங்கிப் பழகிய கிர்மானீ குடும்பத்தைச் சேர்ந்த மீர் குர்த் எழுதிய ‘ஸியருல் அவ்லியா’ பிற செய்திகளைத் தருகிறது. நான் கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை இவ்விரு நூல்களிலிருந்து எடுத்தவை.

நிஜாமுத்தீன் முதன்முறை அஜோதன் சென்றபோது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. பதாயூனில் பிறந்து, தில்லியில் ஹதீஸும் சட்டமும் கற்று, வாதத்தில் வல்லவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அங்கே அவர் கண்ட இல்லத்துக்கு ஜமாஅத் கானா என்று பெயர். பொருள் நேரடியானது: கூட்டம் கூடும் இடம். அது ஒரு பெரிய கூடம், அவ்வளவுதான். அங்கேயே எல்லோரும் தொழுதார்கள், படித்தார்கள், உண்டார்கள், தரையில் படுத்தார்கள். தனியறை யாருக்கும் இல்லை. பரீதுக்கு ஒரு கட்டில் இருந்தது. பகலில் அவர் அமரும் கம்பளியே இரவில் விரிப்பானது, அதுவும் கால்வரை எட்டாது.

இந்தக் கூட ஏற்பாடு வறுமையால் மட்டும் வந்ததல்ல. பக்தாதில் வாழ்ந்து 1234-இல் மறைந்த ஷெய்கு உமர் சுஹ்ரவர்தீ, ‘அவாரிஃபுல் மஆரிஃப்’ என்ற 63 அத்தியாய நூலில் இத்தகைய இல்லங்களின் ஒழுங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். முதியவர்களுக்குத் தனி மூலைகள் தகும். இளைஞர்கள் பொதுக்கூடத்தில் பலர் பார்வையில் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பலருடைய கண்கள் மேலே இருக்கும்போது ஒருவர் தம் நடத்தையைத் தாமே கவனிக்கத் தொடங்குகிறார் என்பதே அதன் காரணம். சிஷ்திகள் சுஹ்ரவர்தீயின் தரீக்காவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் அவருடைய நூலைத்தான் பாடமாக வைத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்தில் நிஜாமுத்தீனுக்கு நேர்ந்த முதல் சோதனை விசித்திரமானது. எல்லோரும் தரையில் படுக்க, புதிதாக வந்த அவருக்கு ஒரு கட்டில் போடச் சொன்னார் பரீத். குர்ஆனை மனனம் செய்தவர்களும் வயதில் மூத்தவர்களும் தரையில் கிடக்க, தாம் மட்டும் கட்டிலில் படுப்பதா என்று அவர் தயங்கினார். இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த பத்ருத்தீன் இஸ்ஹாக், உம்முடைய விருப்பப்படி நடக்கப் போகிறீரா, ஷெய்கின் சொற்படி நடக்கப் போகிறீரா என்று கேட்டனுப்பினார். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டார். தியாகம் செய்யச் சொன்னால் கீழ்ப்படிவது எளிது. தன் பணிவைக் காட்டும் வாய்ப்பையே விட்டுக்கொடுக்கச் சொல்லும்போதுதான் கீழ்ப்படிதல் எவ்வளவு கடினம் என்பது தெரிகிறது. இந்த நிகழ்ச்சியை நான் எத்தனை முறை படித்தாலும் அங்கேயே சற்று நின்றுவிடுகிறேன்.

பைஅத் என்ற சடங்கு சுருக்கமானது. ஷெய்கின் கையில் கை வைத்துப் பாவமன்னிப்புக் கோரி வாக்குக் கொடுப்பது, தலைமுடி சிறிது கத்தரிக்கப்படுவது அல்லது தலை மழிக்கப்படுவது, ஒரு தொப்பி பெறுவது, இரண்டு ரக்அத் தொழுவது. அதன்பின் படிப்பையும் ஓதலையும் விட்டுவிட்டு வணக்கத்தில் மட்டும் மூழ்கவா என்று நிஜாமுத்தீன் கேட்டபோது, பரீத் யாரையும் படிப்பிலிருந்து தடுப்பதில்லை என்றும், இரண்டையும் செய்துவாரும், எது மற்றதை வெல்கிறதோ பார்ப்போம் என்றும் சொன்னார். இறைவழியில் எளிமை ஏற்ற தரவேஷுக்குக் கொஞ்சம் கல்வி வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரே நிஜாமுத்தீனுக்குக் குர்ஆனில் ஜுஸ்வு எனப்படும் பாகங்கள் ஆறும், அவாரிஃபிலிருந்து சில அத்தியாயங்களும், அபூ ஷகூர் ஸாலிமீயின் கொள்கை விளக்க நூலும் கற்பித்தார்.

அந்த அவாரிஃப் பாடத்தின்போதுதான் முறிவு வந்தது. பரீதிடம் இருந்த பிரதி பழையது. எழுத்து மங்கலானது, பிழைகளும் இருந்தன. அவர் ஓரிடத்தில் தயங்கி நிறுத்தினார். ஷெய்கு நஜீபுத்தீன் முதவக்கிலிடம் நல்ல பிரதி ஒன்று இருப்பதைத் தாம் பார்த்திருப்பதாக நிஜாமுத்தீன் சொன்னார். நஜீபுத்தீன் பரீதின் தம்பி; சொன்ன செய்தியிலும் பொய் இல்லை, உதவும் எண்ணமே இருந்தது. ஆனால் பரீத் முகம் மாறி, பிழையுள்ள பிரதியைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் இந்த ஏழைக்கு இல்லையா என்று பலமுறை கேட்டார். அது தம்மைக் குறித்துச் சொல்லப்படுகிறது என்பதே முதலில் நிஜாமுத்தீனுக்கு விளங்கவில்லை. பத்ருத்தீன் இஸ்ஹாக் எடுத்துச் சொன்ன பிறகே விளங்கியது. உடனே எழுந்து காலில் விழுந்தார். மன்னிப்புக் கிடைக்கவில்லை. அழுதுகொண்டே வெளியேறியவர், ஒரு கிணற்றருகே சென்று அதில் விழுந்துவிடலாமா என்று எண்ணும் அளவுக்குப் போனார். பழி குருவின் மேல் வருமே என்ற நினைவுதான் அவரைத் தடுத்தது. பரீதின் மகன்களில் ஒருவரான ஷிஹாபுத்தீன் அவருடைய நண்பர். அவர் சென்று பரிந்து பேசிய பிறகே பரீத் அழைத்தார். இதையெல்லாம் உம்முடைய நிலை முழுமை பெறவே செய்தேன், குருவாகிய பீர், சீடராகிய முரீதுக்கு அலங்காரம் செய்துவிடுபவர் என்று சொல்லி, தம் ஆடையை அணிவித்தார். அவர் பயன்படுத்திய சொல் ‘மஷ்ஷாதா’. மணப்பெண்ணின் முடியைச் சிக்கெடுத்துச் சீவிச் சிங்காரிக்கும் பெண்ணை அச்சொல் குறிக்கும். சிக்கெடுக்கும்போது வலிக்கும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதை இன்றைய கண்ணால் பார்த்து, இது அதிகாரத்தின் கொடுமை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐயத்தை நான் ஒதுக்கவில்லை. கீழ்ப்படிதலைக் கேட்டு மனிதர்களைச் சுரண்டியவர்களும் இவ்வுலகில் உண்டு. ஆனால் நிஜாமுத்தீனே முதுமையில் இக்கதையைத் தம் முரீதுகளுக்குச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாதத்தில் வெல்லப் பழகிய ஓர் இளைஞர், ஆசிரியர் தடுமாறிய கணத்தில் தம் அறிவை முன்வைத்தார். அந்தப் பழக்கத்தைத்தான் பரீத் தொட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். அவாரிஃபும் இந்தப் பிணைப்பைத் தாய்க்கும் சேய்க்கும் ஒப்பிட்டு, பாலூட்டும் காலம் ஒன்றும் பால்மறக்கும் காலம் ஒன்றும் உண்டு என்கிறது. பால்மறக்கச் செய்யத் தெரியாத குரு, அந்நூலின் அளவுகோலின்படி, தம் வேலையை முடிக்காதவர்.

பரீத் கேட்ட கீழ்ப்படிதல் தம்மை நோக்கி மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோமோ அவர்களைத் திருப்திப்படுத்த வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். தில்லியில் ஒரு துணி வணிகருக்குத் தாம் 20 ஜீத்தல் தர வேண்டியிருப்பதும், ஒருவரிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைத் தொலைத்துவிட்டதும் நிஜாமுத்தீனுக்கு நினைவு வந்தது. ஜீத்தல் என்பது அக்காலத்துச் சிறு நாணயம். ஊர் திரும்பியதும், கையில் சேர்ந்த 10 ஜீத்தலை எடுத்துக்கொண்டு வணிகரிடம் சென்றார். அவர் அதை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்தார். புத்தகத்தின் உரிமையாளரிடம், வேறொரு பிரதியைத் தேடி அதைப் பார்த்து எழுதித் தருகிறேன் என்றார். நீர் போய்வந்த இடத்தின் பலன் இதுதான் போலும் என்று சொல்லி அவரும் புத்தகத்தை அவருக்கே விட்டுவிட்டார். ஒரு பைஅத் உண்மையானதா என்பதை ஊரிலுள்ள துணிக்கடைக்காரரும் சோதித்துப் பார்க்க முடிந்தது.

இனி அடுக்களைக்கு வருகிறேன். அஜோதன் இல்லத்துக்கு நிலையான வருமானம் இல்லை. கேட்காமல் வரும் அன்பளிப்புக்கு ‘ஃபுதூஹ்’ என்று பெயர். திறந்துகொடுக்கப்பட்டது என்ற பொருளில். அது வராத நாட்களில் ‘ஸன்பீல்’ என்னும் ஏனம் ஊரைச் சுற்றி வரும். மக்கள் இட்டதை எல்லோரும் பகிர்ந்துண்பார்கள். அதுவும் குறைவானால் காட்டில் விளையும் கரீல் என்ற முட்செடியின் காய்களை அவித்தார்கள். வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. பத்ருத்தீன் இஸ்ஹாக் காட்டிலிருந்து விறகு கொண்டுவருவார், ஹான்ஸீ ஊர் ஜமாலுத்தீன் கரீல் காய் பறிப்பார், ஹுஸாமுத்தீன் காபுலீ தண்ணீர் இறைத்துப் பாத்திரம் கழுவுவார், சமையல் நிஜாமுத்தீனுடையது. இவர்களில் பலர் தம் ஊரில் ஆலிம்களாக மதிக்கப்பட்டவர்கள்.

ஒருநாள் உப்பு இல்லை. நிஜாமுத்தீன் பக்கத்துக் கடையில் மிகச் சிறு தொகைக்குக் கடனாக உப்பு வாங்கிக் காயில் போட்டு அவித்துப் பரிமாறினார். பரீத் ஒரு கவளம் எடுத்தார். கை கனக்கிறது என்று சொல்லி அதைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார். விறகு யார் கொண்டுவந்தது, தண்ணீர் யார் கொண்டுவந்தது என்ற விவரங்களை எல்லாம் எடுத்துச் சொன்ன நிஜாமுத்தீன், கடைசியில் உப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. நாவின் இச்சைக்காகக் கடன்படுவதைவிடத் தரவேஷுகள் பட்டினியால் இறப்பது மேல் என்றார் பரீத். கடனுக்கும் இறைவனை மட்டுமே நம்பியிருக்கும் தவக்குலுக்கும் இடையே கிழக்குக்கும் மேற்குக்கும் உள்ள தூரம் என்றும் சொல்லி, அந்தச் சாப்பாட்டை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

கடன் இல்லை, சேமிப்பும் இல்லை என்ற இவ்விரு விதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. நாளைக்கென்று வைத்துக்கொள்ளும் வீடு, நாளடைவில் வைத்துக்கொண்டதைக் காப்பாற்றும் வீடாக மாறும். கியாஸ்பூரில் நிஜாமுத்தீனின் இல்லம் வளர்ந்து, பெருந்தொகையான அன்பளிப்புகள் வந்து, அன்றாடம் பெரும் கூட்டத்துக்குச் சமைக்கும் நிலை ஏற்பட்ட பிறகும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் களஞ்சியத்தைக் காலிசெய்து கூட்டிப் பெருக்கிவிட்டே அவர் ஜும்ஆவுக்குச் செல்வார். அரசர்கள் கிராமத்தை எழுதித்தர முன்வந்தபோது மறுத்தார். நில மானியம் வாங்கியவர் அரசனின் ஏட்டில் ஒரு பெயராகிவிடுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அலாவுத்தீன் கில்ஜி அவரைப் பார்க்க விரும்பியபோது, என் வீட்டுக்கு இரண்டு வாசல்கள் உள்ளன, அரசர் ஒன்றின் வழியே நுழைந்தால் நான் மற்றதன் வழியே வெளியேறுவேன் என்று சொல்லியனுப்பினார்.

எல்லாத் தரீக்காக்களும் இப்படி இருக்கவில்லை. முல்தானில் பஹாவுத்தீன் ஸகரிய்யா நடத்திய கான்காஹ் என்னும் சுஹ்ரவர்தீ இல்லம் வேறு வகை. அங்கே தங்குபவர்களுக்குத் தனியறைகள் இருந்தன. களஞ்சியமும் கருவூலமும் இருந்தன. ஷெய்கைக் காண நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அரசோடு உறவு வைத்தால்தான் அரசனை நல்வழிப்படுத்த முடியும் என்பது அவர்களுடைய வாதம். அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் 1262-இல் அவர் மறைந்தபின் இல்லமும் செல்வமும் மகனுக்குச் சென்றன. அந்த மகன் ஸத்ருத்தீன் ஆரிஃப் தம் பங்குக்கு வந்ததை முழுவதும் பகிர்ந்து கொடுத்தார். தந்தைக்குச் செல்வத்தை ஆளத் தெரிந்திருந்தது, அது என்னை ஆண்டுவிடும் என்று அஞ்சுகிறேன் என்பது அவர் சொன்ன விளக்கம். அத்தகைய மகன் எல்லாத் தலைமுறையிலும் வாய்ப்பதில்லை.

சிஷ்திகளும் வாரிசுச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. 1265-ஐ ஒட்டி பரீத் மரணப் படுக்கையில் இருந்தபோது, தில்லியிலிருந்து ஸையித் முஹம்மத் கிர்மானீ வந்தார். மகன்கள் அவரை உள்ளே விடத் தயங்கினார்கள். அவர் எப்படியோ நுழைந்து பேச்சில் நிஜாமுத்தீனின் பெயரைக் குறிப்பிட்டபோது, பரீத் தம் அங்கியையும் தொழுகை விரிப்பையும் கைத்தடியையும் அவரிடம் கொடுத்து நிஜாமுத்தீனிடம் சேர்க்கச் சொன்னார். மகன்களுக்குக் கோபம் வந்தது. பரீதின் இருக்கையும் அஜோதன் இல்லமும் மகன் பத்ருத்தீன் சுலைமானுக்குப் போயின; அங்கி மட்டும் தில்லிக்குப் போனது. கபுரைக் காப்பவர் யார், கற்பித்ததைக் கொண்டுசெல்பவர் யார் என்ற இரண்டு வாரிசுரிமைகள் அந்த அறையில் பிரிந்தன. பிற்காலத்தில் பல தர்காக்களின் வழக்குகள் எதைப் பற்றியவை என்று எண்ணிப் பார்க்கும்போது இந்தக் காட்சி என் நினைவுக்கு வரும்.

கற்பித்ததைக் கொண்டுசெல்லும் உரிமைக்கு ஒரு சாசனம் வேண்டியிருந்தது. அதுதான் கிலாஃபத் நாமா. பிறருக்கு பைஅத் கொடுக்கலாம் என்ற எழுத்து அனுமதி. முரீதாவது எளிது; நிஜாமுத்தீன் படைவீரர், கடைக்காரர் என்று பார்க்காமல் பெருந்தொகையானோருக்குக் கை கொடுத்தார். அந்த அனுமதி பெற்ற கலீஃபாவாவது அரிது. பரீத் வழங்கிய சாசனத்தை ஹான்ஸீயில் ஜமாலுத்தீனிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. ஒருவர் கொண்டுவந்த சாசனத்தை ஜமால் கிழித்துவிட்டார். அவர் திரும்பிவந்து முறையிட்டபோது, ஜமால் கிழித்ததை பரீதால் தைக்க முடியாது என்று பரீத் சொல்லிவிட்டார். கரீல் காய் பறித்த அதே ஜமால்தான். நிஜாமுத்தீனின் சாசனத்தைக் கண்டபோது, மணியை மணியின் மதிப்பறிந்தவரிடம் ஒப்படைத்தமைக்கு ஆயிரமாயிரம் நன்றி என்ற பொருள்பட ஈரடி சொல்லி வாழ்த்தினார்.

நிஜாமுத்தீன் தம் இறுதி நோயின்போது, 724-ஆம் ஹிஜ்ரி ஆண்டின் துல்ஹஜ் மாதத்தில், அதாவது 1324-இன் இறுதியில், தம் கலீஃபாக்களுக்கான சாசனங்களை வழங்கினார். வாசகத்தை எழுதியவர் பக்ருத்தீன் ஸர்ராதி. வங்காளத்தைச் சேர்ந்த அகீ ஸிராஜ் இளவயது முதலே அங்கு இருந்தவர், நெருக்கமானவர். ஆனால் கல்வி இல்லாதவர். இந்த வேலைக்கு முதற்படி கல்வி, அவரிடம் அது இல்லையே என்று ஷெய்கு முன்பு சொல்லியிருந்தார். ஆறு மாதத்தில் இவரை ஆலிமாக்கிக் காட்டுகிறேன் என்று ஸர்ராதி பொறுப்பேற்று, அவருக்காகவே ஓர் அரபு இலக்கணச் சுருக்கமும் எழுதினார். அதன் பிறகே அகீ ஸிராஜ் வங்காளத்துக்குக் கலீஃபாவாகச் சென்றார்.

அதே வட்டத்தில் புர்ஹானுத்தீன் கரீபுக்கு நேர்ந்தது உப்பின் கதைக்கு ஒப்பானது. அவர் அடுக்களைப் பொறுப்பில் இருந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். உடல் நலிந்திருந்ததால் கம்பளியை இரண்டாக மடித்து அதன்மேல் அமர்ந்துவந்தார். இவர் ஷெய்குகளைப் போல விரிப்புப் போட்டு அமர்கிறார் என்று இருவர் நிஜாமுத்தீனிடம் சொன்னார்கள். அடுத்து அவர் வந்தபோது ஷெய்கு பேசவில்லை. கூடத்துக்குள் இருக்கவும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். முதியவர் வீட்டில் அழுதுகொண்டு கிடந்தார். ஊரார் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்துபோனார்கள். கடைசியில் அமீர் குஸ்ரு தம் தலைப்பாகையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குற்றவாளியைப் போல வந்து நின்று கேட்டபிறகே மன்னிப்புக் கிடைத்தது. புறம் சொன்னவர்களின் சொல்லை மட்டும் நம்பி ஒரு முதியவரை இவ்வளவு வருத்தியது சரிதானா என்று எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. பிணைப்பு இவ்வளவு இறுக்கமாக இருக்கும் வீட்டில், ஷெய்கின் காதருகே இருப்பவர்களுக்குத் தகாத வலிமை வந்துவிடுகிறது. ஆனால் பிற்பாடு தக்காணத்துக்குச் சென்று குல்தாபாதில் இந்த மரபை ஊன்றியவர் அந்த புர்ஹானுத்தீன்தான்.

எங்கள் பக்கத்தில் தரீக்காக்களுக்கு வேறு சொற்கள் உண்டு. இங்கு காதிரிய்யா வழியே பெரிது. கீழக்கரையில் அரூஸிய்யா வழி. கூடும் இடத்தைத் தைக்கா என்போம். ஆனாலும் பைஅத், முரீது, கலீஃபா என்னும் சொற்கள் அவையேதான், உம்மாவின் வாப்பா வைத்திருந்த தாளும் அந்தச் சாசனங்களின் எளிய உறவுதான்.

தில்லியில் நிஜாமுத்தீனுக்குப்பின் வந்தவர் நஸீருத்தீன் சிராகே தெஹ்லீ. இளமையில் காட்டுக்குச் சென்று தனிமையில் வணங்க அனுமதி கேட்டு, குஸ்ரு மூலம் சொல்லியனுப்பியவர். நகரத்திலேயே இரும், மக்கள் தரும் துன்பத்தைத் தாங்கும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். முஹம்மத் பின் துக்ளக் தரீக்காவினரை அரசுப் பணிக்கு இழுத்த கடுமையான ஆண்டுகளை அவர் பெரும்பாலும் அந்த நகரத்திலேயே கழித்தார். 1356-இல் அவர் மரணத்தை நெருங்கியபோது, தகுதியானவர்கள் என்று சிலருடைய பெயர்களை எழுதிக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர்கள் தங்கள் ஈமானைக் காத்துக்கொண்டால் போதும், பிறர் சுமையைச் சுமக்க இவர்களால் எப்படி முடியும் என்று சொல்லிவிட்டு, பரீதிடமிருந்து வந்த பொருட்களைத் தம்மோடு புதைக்கச் சொன்னார். அவ்வாறே அங்கியை மார்பின்மேல் போர்த்தி, கைத்தடியைப் பக்கத்தில் கிடத்தி, ஜெபமாலையை விரலில் சுற்றி, மரக்கிண்ணத்தைத் தலைக்குக் கீழே வைத்து அவரை அடக்கினார்கள்.